பேட்டரி கேமரா ஆளை ஏன் விட்டுவிடுகிறது: பிஐஆரும் பிக்சலும், சேலத்து வெயிலும் ஏற்காட்டு மூடுபனியும்

சித்திரை மாதம், காலை பதினோரு மணி இருக்கும். அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு சிலிண்டர் போடுகிறவர் கேட்டைத் திறந்து, நீளமான நடைபாதையில் நேராக வந்து, பெல் அடித்துப் பார்த்து, ஆள் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறார். வாசலுக்கு மேலே மாட்டியிருந்த பேட்டரி கேமராவில் பதிவானது என்ன தெரியுமா? திரும்பிப் போகும்போது நிறுத்தியிருந்த பைக்கைச் சுற்றிக்கொண்டு குறுக்கே போனாரே, அந்த இரண்டு விநாடியும் அவர் முதுகும்தான். வந்தது, நின்றது, பெல் அடித்தது எதுவும் இல்லை.

அதே மாடல் கேமரா ஒன்று ஏற்காட்டில், நாகலூர் பக்கம் பெரியப்பாவின் காபித் தோட்டத்துக் குடோனிலும் இருக்கிறது. அங்கே ஆறு மீட்டர் தள்ளிப் போகிற நாயைக்கூட அது விடுவதில்லை. ஒரே கேமரா, ஒரே செட்டிங், இரண்டு ஊரில் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. கேமராவில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். மாற்றித் தரச் சொல்லி, மாற்றியும் வாங்கினேன், புதியதும் அப்படியேதான் இருந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். முதல்முறை பேட்டரி கேமரா வாங்குகிறவர்கள் எல்லாரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்பதால், நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில்: உங்கள் கேமராவை எழுப்புவது எது

கேமரா அசைவைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று பிக்சல் வழி. கேமரா தொடர்ந்து படம் எடுத்துக்கொண்டே இருக்கும், முந்தைய படத்தையும் இப்போதைய படத்தையும் ஒப்பிட்டு, புள்ளிகள் போதுமான அளவு மாறியிருந்தால் "அசைவு" என்று முடிவு செய்யும். சுவரில் பிளக் போட்டு ஓடுகிற சாதாரண வைஃபை கேமராக்களில் இருப்பது இதுதான். இன்னொன்று பிஐஆர் சென்சார். இது படமே பார்ப்பதில்லை. உடம்பிலிருந்து வருகிற வெப்பக் கதிரை மட்டும் பார்க்கிறது. கேமரா லென்ஸுக்குக் கீழே, பால் நிறத்தில், லேசாகப் புடைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தால், அதற்குப் பின்னால் பிஐஆர் இருக்கிறது என்று அர்த்தம். ஆப்பில் `PIR Sensitivity` என்றோ `Motion Sensitivity` என்றோ ஒரு செட்டிங்கும் இருக்கும்.

பேட்டரி கேமரா பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். பிஐஆர் மட்டும் விழித்திருக்கும். வெப்பம் நகர்ந்தால் அது கேமராவை எழுப்பும். எழுந்த பிறகுதான் படம், பதிவு, `Human Detection` எல்லாம். இந்த வரிசையை மனதில் வையுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

ஏன் தூங்கவேண்டும், பிக்சல் வழியே இருந்துவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். என் பெரியப்பாவும் அதையேதான் கேட்டார். அவருக்குச் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். சின்ன பேட்டரி கேமராவில் 5200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். பட சென்சாரும் பிராசஸரும் வைஃபையும் சேர்ந்து ஓடும்போது தோராயமாக 300 மில்லி ஆம்பியர் இழுக்கும். அப்படியானால் முழு பேட்டரியும் பதினேழு மணி நேரத்தில் காலி. பிஐஆர் சென்சார் மட்டும் ஓடினால் பத்து மைக்ரோ ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். கேமரா ஒரு மணி நேரம் விழித்திருக்கச் செலவாகிற மின்சாரத்தில் அந்தச் சென்சார் மூன்று வருடத்துக்கு மேல் காவல் காக்கும். பேட்டரி மாதக்கணக்கில் நிற்பதற்கு இது ஒன்றுதான் காரணம்.

தூங்கும்போதும் செலவு சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. நீங்கள் போனில் திறந்தால் உடனே பதில் சொல்லவேண்டும் என்பதற்காக வைஃபையோ சிம்மோ அரைத்தூக்கத்தில் இருக்கும். அது சராசரியாக ஒரு மில்லி ஆம்பியர் சாப்பிடும், சிக்னல் சுமாராக இருக்கும் இடத்தில் இன்னும் கூடும்.

பிஐஆர் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

மூடிக்குப் பின்னால் இரண்டு சின்ன வெப்ப உணரிகள் பக்கத்தில் பக்கத்தில் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே அளவு வெப்பம் வந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும், சிக்னல் வராது. ஒன்றில் மட்டும் மாறினால்தான் சிக்னல் வரும். அந்தப் பால்நிற மூடி வெறும் மூடி இல்லை, அது ஒரு லென்ஸ். முன்னால் இருக்கும் இடத்தைக் கைவிசிறி விரித்தாற்போல் பல பட்டைகளாகப் பிரித்து உள்ளே அனுப்புகிறது. ஆள் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குக் குறுக்கே போகும்போது ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு துடிப்பு. கேமராவை நோக்கி நேராக வருகிறவர் ஒரே பட்டைக்குள்ளேயே நடந்து வரலாம், துடிப்பே வராமல் வெகுதூரம் வந்துவிடுவார். எங்கள் சிலிண்டர்காரர் தப்பியதற்கு முதல் காரணம் இது. நடைபாதை நேராக வாசலுக்கு வருகிறது, கேமரா அதே நேர்க்கோட்டில் பார்த்துக்கொண்டிருந்தது. பைக்கைச் சுற்றிக் குறுக்கே போனதும் பிடித்துவிட்டது.

இரண்டாவது காரணம் வெயில், சேலத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டியது. பிஐஆர் பார்ப்பது ஆளின் வெப்பத்தை மட்டும் அல்ல, ஆளுக்கும் பின்னால் இருக்கிற சுவருக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசத்தை. மனிதத் தோலின் மேற்பரப்பு 32 முதல் 34 டிகிரி வரை இருக்கும், சட்டை போட்ட பகுதி அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஏற்காட்டில் விடியற்காலை 15 டிகிரியில் ஈரச் சுவருக்கு முன்னால் ஓர் ஆள் நடந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சேலத்தில் ஏப்ரல் மாதம் பதினோரு மணிக்கு நிழலான சுவரும் 33, ஆளும் 33. சென்சாருக்கு ஆளும் சுவரும் ஒன்றுதான்.

இங்கே ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. வெயில் ஏற ஏற மேலும் மேலும் மோசமாகும் என்பதில்லை. மதியம் இரண்டு மணிக்கு நேர் வெயிலில் கிடக்கும் சிமெண்டுத் தரை 50 டிகிரியைத் தாண்டிவிடும், அப்போது ஆள் தரையைவிடக் குளிர்ச்சியாகத் தெரிவார், அந்த வித்தியாசத்தையும் பிஐஆர் பிடிக்கும். மோசமான நேரம் இரண்டும் சமமாகிற நேரம்தான். எங்கள் வீட்டில் அது காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை, அப்புறம் சாயங்காலம் ஆறரை ஏழு மணிக்குச் சுவர் சூட்டைக் கக்கும்போது ஒரு முறை. உங்கள் வீட்டுச் சுவர் எந்தத் திசை பார்க்கிறது என்பதைப் பொறுத்து நேரம் மாறும். சில கேமராக்கள் வெளி வெப்பநிலையைப் பார்த்துத் தானே உணர்திறனை ஏற்றிக்கொள்ளும். அது உதவும், ஆனால் இல்லாத வித்தியாசத்தை உருவாக்காது.

கண்ணாடி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மழையில் நனையக்கூடாது என்று கேமராவை ஜன்னலுக்கு உள்ளே வைத்து வெளியே பார்க்க விடுகிறவர்கள் உண்டு. நமக்குத் தெளிவாகத் தெரிகிற ஜன்னல் கண்ணாடி, உடம்பு வெப்பக் கதிருக்குச் சுவர் மாதிரி. பிஐஆர் அதன் வழியே ஒன்றும் பார்க்காது. லைவில் படம் அருமையாக வரும், பதிவு ஒன்றுகூட வராது.

இடம் மாற்றுவது

செட்டிங்கைத் தொடுவதற்கு முன்னால் இடத்தைச் சரிசெய்யுங்கள். ஆள் கேமராவுக்குக் குறுக்கே போகிற மாதிரி ஒரு கோணம் தேடவேண்டும், அவ்வளவுதான். நான் வாசலுக்கு மேலே இருந்ததைக் கழற்றி, நடைபாதையின் பக்கச் சுவரில், கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே மாட்டி, பாதையைச் சாய்வாகப் பார்க்க வைத்தேன். இப்போது வருகிறவர் யாராக இருந்தாலும் மூன்று நான்கு பட்டைகளைத் தாண்டாமல் வாசலுக்கு வர முடியாது. முகமும் முக்கால் பக்கமாகத் தெரிகிறது.

உயரமும் முக்கியம். பத்தடிக்கு மேலே மாட்டினால் திருடன் எட்டமாட்டான் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் மாட்டியிருந்தேன். ஆனால் பட்டைகள் எல்லாம் தலைக்கு மேலே போய்விடும், கீழே நின்று பெல் அடிக்கிறவர் எந்தப் பட்டையிலும் இருக்கமாட்டார். இரண்டு மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டருக்குள், கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் போதும். கீழ்நோக்கிச் சாய்ப்பதில் இன்னொரு லாபம் உண்டு, தெருவில் போகிற லாரியும் ஆட்டோவும் பட்டைக்குள் வராது. சூடான எஞ்சின் பிஐஆருக்கு ஆளைவிடப் பெரிய வெளிச்சம். ஏசியின் வெளி யூனிட், வெயிலில் காய்கிற தகரக் கூரை, காற்றில் அடிக்கிற சூடான தார்பாய் ஆகியவையும் பார்வைக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்து பார்ப்பது

இதுதான் முக்கியமான வேலை. அரை மணி நேரம் ஆகும், வேறு யாரும் உங்களுக்காகச் செய்து தரமாட்டார்கள். கேமராவிலிருந்து 2, 4, 6, 8 மீட்டரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் குறுக்கே, சாதாரண வேகத்தில் நடங்கள். ஒவ்வொரு தூரத்துக்கும் மூன்று முறை. ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் இடையில் கேமரா மறுபடி தூங்கப் போகும்வரை காத்திருக்கவேண்டும், ஒரு நிமிடமாவது விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் முந்தைய பதிவின் மிச்சத்திலேயே நீங்கள் தெரிவீர்கள், சோதனை பொய்யாகிவிடும். ஆப்பை லைவில் திறந்து வைத்துக்கொண்டும் செய்யாதீர்கள், லைவில் கேமரா ஏற்கனவே விழித்திருக்கிறது.

அடுத்து, எட்டு மீட்டரிலிருந்து நேராகக் கேமராவை நோக்கி மூன்று முறை நடங்கள். இதெல்லாவற்றையும் விடிகாலையில் ஒரு முறை, உங்கள் வீட்டுச் சுவர் சூடேறி ஆளோடு சமமாகிற நேரத்தில் ஒரு முறை. இந்த இரண்டாவது முறைதான் எல்லாரும் விட்டுவிடுவது. நேர் வெயிலில் நின்றுகொண்டிருந்துவிட்டு நடக்காதீர்கள், சட்டை சூடாகி முடிவு மாறிவிடும். நிழலில் நின்று அங்கிருந்து கிளம்புங்கள்.

பழைய இடத்தில் எனக்கு வந்த முடிவு இது. காலை ஆறு மணிக்குக் குறுக்கே நடந்ததை 6 மீட்டரில் மூன்றுக்கு மூன்று பிடித்தது, நேராக நடந்தபோது 3 மீட்டருக்கு வந்த பிறகுதான் எழுந்தது. பதினோரு மணிக்குக் குறுக்கே 6 மீட்டரில் மூன்றில் ஒன்று, 4 மீட்டரில் மூன்றும். நேராக நடந்தபோது மூன்று முறையும் கேமராவுக்குக் கீழேயே போய் நின்றேன், ஒன்றுகூடப் பதிவாகவில்லை. பக்கச் சுவருக்கு மாற்றிய பிறகு அதே பதினோரு மணிக்கு 4 மீட்டருக்குள் ஒன்றுகூடத் தப்பவில்லை. நடைபாதையின் அகலத்துக்கு அது போதும்.

நடக்கும்போது இன்னொன்றையும் சேர்த்து அளந்துவிடுங்கள். கோட்டில் கால் வைத்தவுடன் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று விநாடிக்கு ஒன்றாகச் சத்தமாக எண்ணிக்கொண்டே நடங்கள். பிறகு பதிவைப் போட்டுக் கேட்டால் முதலில் எந்த எண் கேட்கிறதோ, அதில் ஒன்றைக் கழித்தால் கேமரா எழுந்திருக்க எடுத்த நேரம் தோராயமாகக் கிடைக்கும். என்னுடையதில் "மூன்று" என்று ஆரம்பிக்கிறது, அதாவது கிட்டத்தட்ட இரண்டு விநாடி போய்விட்டது. நடக்கிற மனிதன் இரண்டு விநாடியில் இரண்டரை மீட்டர் போய்விடுவான். ஆகவே முகம் தெரியவேண்டிய இடத்துக்குக் குறைந்தது இரண்டரை மீட்டர் முன்னாலேயே அவன் பிஐஆர் பட்டைக்குள் வந்தாகவேண்டும். மணிக்கு இருபது கிலோமீட்டரில் போகும் பைக் அந்த நேரத்தில் பதினோரு மீட்டர் போயிருக்கும். தெருவில் போகிற பைக்கின் நம்பர் பிளேட்டைப் பேட்டரி கேமராவில் பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, அந்த வேலைக்கு இது ஆகாது, கரண்டு இழுத்துத் தொடர்ந்து ஓடும் கேமராவே வையுங்கள். சில மாடல்களில் முந்தைய சில விநாடிகளையும் மங்கலாகச் சேர்த்துப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது, இருந்தால் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அதற்குப் பேட்டரி கூடுதலாகச் செலவாகும்.

உணர்திறன், பதிவு நீளம், இடைவெளி

நடந்து பார்த்த பிறகு செட்டிங்குக்கு வாருங்கள். உணர்திறனை நடுவில் வைத்து ஆரம்பித்து, உங்கள் மோசமான நேரத்தில் தேவையான தூரம் பிடிக்கிற வரைக்கும் மட்டும் ஏற்றுங்கள். சேலத்தில் கோடைக்கு ஏற்றினால், மார்கழியில் இறக்கவேண்டியிருக்கும், குளிரில் அதே செட்டிங் தெருநாயையும் எதிர்வீட்டுப் பூனையையும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை மாற்றும் வேலை, அவ்வளவுதான்.

பதிவுக்குப் பிறகு கேமரா எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் என்று ஒரு இடைவெளி செட்டிங் இருக்கும். பல கேமராக்களில் வாங்கும்போதே ஒரு நிமிடம் வரை வைத்திருப்பார்கள், பேட்டரிக்காக. தப்பிப் போகும் சம்பவங்களில் நிறைய இந்த இடைவெளிக்குள் விழுவதுதான். முதலில் ஒரு பூனை போகிறது, பத்து விநாடி பதிவு, அப்புறம் ஒரு நிமிடம் மௌனம், அந்த நிமிடத்தில் ஆள் வந்து செருப்பை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பிஐஆர் பழுது என்று நீங்கள் நினைப்பீர்கள். தப்பியதற்கு முந்தைய பதிவின் நேரத்தைப் பாருங்கள், ஒரு நிமிடத்துக்குள் இருந்தால் காரணம் இதுதான். இடைவெளியைக் குறைத்துவிட்டு, பதிவு நீளத்தை இருபது விநாடி வைத்துக்கொள்வது எனக்குச் சரியாக வந்தது.

இப்போது `Human Detection`. எழுந்த கேமரா படத்தைப் பார்த்து, இது ஆளா நாயா என்று பிரிக்கிறது. இது பிக்சல் பக்கத்து வேலை, பிஐஆருக்கு நாயும் ஆளும் ஒன்றே. இதைப் போட்டால் போனுக்கு வரும் அறிவிப்பு குறையும். ஆனால் பேட்டரி அதே அளவுக்கு மிச்சமாகாது, ஏனென்றால் பார்த்து முடிவு செய்யவே கேமரா எழுந்தாகவேண்டும். படத்தில் கட்டம் போட்டு "இந்தப் பகுதியை விட்டுவிடு" என்று சொல்கிற செட்டிங்கும் பெரும்பாலும் இதே மாதிரிதான், தெருவை மறைத்துக் கட்டம் போட்டாலும் லாரி வரும்போதெல்லாம் பிஐஆர் எழுப்பும், கேமரா எழுந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று தூங்கப் போகும். அறிவிப்பே வராமல் பேட்டரி மட்டும் இறங்குகிறது என்று குழம்புகிறவர்களுக்கு நடப்பது இதுதான். இதற்கு மருந்து ஆப்பில் இல்லை, கேமராவைத் திருப்பி மாட்டுவதிலோ, பிஐஆர் மூடியின் தெருப்பக்கத்து ஓரத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டுவதிலோ இருக்கிறது. கேமரா லென்ஸில் படாமல் ஒட்டுங்கள், ஒட்டியபின் மறுபடி ஒருமுறை நடந்து பாருங்கள்.

பேட்டரிக் கணக்கு

பெட்டியில் ஆறு மாதம் என்று போட்டிருப்பார்கள். அது ஒரு நாளைக்கு எத்தனை பதிவுக்கு என்பதுதான் கேள்வி. இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். இரண்டு வாரம், ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் பேட்டரி சதவீதத்தையும் அந்த வாரத்துப் பதிவு எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கும் எண்ணிக்கை நன்றாக வித்தியாசப்படவேண்டும். எங்கள் வீட்டுக் கேமரா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில் 350 பதிவு, 27 சதவீதம் இறங்கியது. திருப்பி மாட்டிய வாரத்தில் 84 பதிவு, 9 சதவீதம் இறங்கியது.

```
ஒரு பதிவின் செலவு = (27 - 9) / (350 - 84) = 0.068 %
வாரத் தூக்கச் செலவு = 9 - (84 x 0.068) = 3.3 %
```

தூங்குவதற்கு மட்டும் வாரம் 3.3 சதவீதம், மீதி முழுக்கப் பதிவுக்கு. 5200 மில்லி ஆம்பியர் மணியில் 0.068 சதவீதம் என்றால் மூன்றரை மில்லி ஆம்பியர் மணி, முன்னால் சொன்ன 300 மில்லி ஆம்பியரில் சுமார் நாற்பது விநாடி விழித்திருப்பதற்குச் சமம். வாரம் 350 பதிவு போனால் மாதத்துக்குள் சார்ஜ் போடவேண்டும், 84 என்றால் பதினோரு வாரம் போகும். பதிவு எண்ணிக்கை குறைவாக இருந்தும் வாரத் தூக்கச் செலவு ஏழெட்டு சதவீதம் வந்தால் சிக்னலைப் பாருங்கள், ரவுட்டர் தூரத்தில் இருக்கலாம். அறிவிப்பு இல்லாமல் எழுந்து தூங்குகிற கேமராவிலும் இந்த எண் ஏறும், ஏனென்றால் அந்த விழிப்புகள் பதிவுக் கணக்கில் வருவதில்லை. ரவுட்டரைப் பக்கத்தில் கொண்டுவந்தும் குறையவில்லை என்றால் காரணம் இந்த விழிப்புகள்தான். ஆப் சதவீதத்தை முழு எண்ணாகவே காட்டுவதால் ஒன்றிரண்டு புள்ளி முன்னே பின்னே இருக்கும், நாலு வாரம் குறித்தால் இன்னும் தெளிவாகும்.

ஏற்காட்டில் என்ன மாறுகிறது

நாகலூர் குடோனில் கரண்டு இல்லை. சிம் போட்ட கேமரா, சின்ன சோலார் பேனல். காபி பறிப்பு முடிந்து மூட்டை அடுக்குகிற மாதங்களில்தான் அதன் தேவை. அங்கே குளிரில் பிஐஆர் அருமையாக வேலை செய்கிறது, பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது.

போன வருடம் மேஸ்திரி சொன்னார், "தம்பி, மழை நேரத்துல நாங்க வந்தா உங்க கேமரா கண்டுக்கவே மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் உண்மைதான். மழையில் எல்லாரும் பிளாஸ்டிக் கொங்காணி போட்டுக்கொண்டு வருகிறார்கள். நனைந்த பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு மழைநீரின் குளிருக்கே வந்துவிடும், பின்னால் இருக்கிற ஈரச் சுவரும் அதே குளிர். வெளியே தெரிவது முகமும் கையும் மட்டும். சேலத்தில் சூட்டில் நடந்த அதே சமன் இங்கே குளிரில் நடக்கிறது. கேமராவைக் குடோன் கதவுக்கு மூன்று மீட்டருக்குள் இறக்கி, பூட்டைத் தொடக் குனிகிற இடத்தைக் குறுக்காகப் பார்க்க வைத்தோம். பூட்டைத் திறக்கக் கையையும் முகத்தையும் வெளியே நீட்டித்தானே ஆகவேண்டும். இப்போது பிடிக்கிறது.

அப்புறம் பெரியப்பா கேள்விப்பட்டு வந்து, பிஐஆர் வேண்டாம், பிக்சலிலேயே எப்போதும் பார்க்கிற சோலார் கேமரா வந்திருக்கிறதாமே என்றார். வந்திருப்பது உண்மை. `AOV` என்று போட்டு விற்கிறார்கள். ஆள் இல்லாதபோது விநாடிக்கு ஒரு படம் வீதம் மெதுவாக எடுத்துக்கொண்டே இருந்து, படத்தில் மாற்றம் தெரிந்தால் முழு வேகத்துக்குப் போகும். கொங்காணி ஆள் அதன் கண்ணுக்குத் தப்பமாட்டார், எழுந்திருக்கிற தாமதமும் அவ்வளவு இல்லை. நல்ல வெயில் விழுகிற, பெரிய பேனலும் பெரிய பேட்டரியும் மாட்டக்கூடிய இடத்துக்கு நான் அதையே சொல்வேன், சேலத்து மொட்டை மாடிக்குப் பொருத்தமானது.

எங்கள் தோட்டத்துக்கு வேண்டாம் என்றேன். சில்வர் ஓக் நிழலில் பேனலுக்கு நேர் வெயிலே சில மணி நேரம்தான், மழை மாதங்களில் மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் இல்லை. பிஐஆர் கேமராவுக்கு ஒரு நாளைக்கு இருபது பதிவு என்றாலும் நூறு மில்லி ஆம்பியர் மணிக்குள் முடிந்துவிடும், மந்தமான வெளிச்சத்திலும் பேனல் அதில் பெரும்பகுதியை ஈடுகட்டுகிறது. எப்போதும் விழித்திருக்கிற கேமராவுக்கு அது பற்றாது. அதோடு பிக்சலுக்கு மூடுபனி ஒரு நகரும் பொருள். காற்றில் மிளகுக்கொடி அசைந்தால், மர நிழலின் வெளிச்சப் பொட்டுகள் தரையில் ஆடினால், எல்லாமே அசைவுதான். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு மூடுபனியில் பட்டுத் திரும்பி வந்து திரை முழுக்க வெள்ளையாகிவிடும். லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை கட்டினால் இராத்திரி பூராவும் பதிவுதான். பிஐஆர் இதற்கெல்லாம் பெரும்பாலும் எழுவதில்லை, நாலைந்து மீட்டருக்குள் மூடுபனியால் அதற்கு எங்களுக்குப் பெரிய குறை தெரியவில்லை. எழுந்த பிறகு எடுக்கிற படம் வெள்ளையாக இருக்குமே என்றால், ஆமாம், இருக்கும். அதற்காகக் கதவுக்கு மேலே ஒரு சின்ன பேட்டரி விளக்கைத் தனியாக, கேமராவிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி மாட்டினோம். வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் பனி அவ்வளவு கண்ணைக் கூசுவதில்லை, உருவமாவது தெரிகிறது.

பேனலை மட்டும் நிழல் மரத்துக்கு வெளியே, களத்தின் ஓரத்தில் ஒரு கம்பத்தில் தெற்கே பார்த்துச் சாய்த்து வைத்து, வயரை நீட்டிக்கொண்டோம். வயர் நீளம் கூடக்கூட மின்னழுத்தம் குறையும், ஆகவே ஐந்து மீட்டருக்கு மேல் போகவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பேட்டரி 60 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மேஸ்திரியிடம் ஒரு பவர் பேங்க் கொடுத்து வைத்திருக்கிறோம், ஒரு ராத்திரி செருகி வைத்தால் அடுத்த வெயில் வரும்வரை தாங்குகிறது.